ஆட்டின் தோலில் முடிச்சு: அம்மைதானா, எப்படிப் பரவியது, ஊசி போட்டும் ஏன் வந்தது?

ஆட்டம்மையில் பாதிக் குழப்பம் தேதியைக் குறித்துவைக்காததால் வருகிறது. எந்த ஆடு எப்போது பட்டிக்குள் வந்தது, முதல் முடிச்சு என்றைக்குக் கண்ணில் பட்டது, தடுப்பூசி எந்த நாளில் போட்டோம் என்ற மூன்று தேதிகள் தெரிந்தால் பெரும்பாலான கேள்விக்கு விடை கிடைத்துவிடும். தொழுவத்துச் சுவரில் கரியால் எழுதினாலும் போதும்.

அதோடு ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். ஆட்டின் இயல்பான உடல் சூடு ஏறக்குறைய 102 முதல் 103.5 ஃபாரன்ஹீட் வரை இருக்கும். மேய்ந்து வெயிலில் நின்ற ஆட்டுக்குச் சும்மாவே சூடு கூடும். ஆகவே விடியற்காலையில், பட்டியைத் திறப்பதற்கு முன், ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். காலையிலேயே 104-க்கு மேல் காட்டினால் அது காய்ச்சல். அம்மையில் 106, 107 வரைகூடப் போகும்.

உடம்பில் பல இடங்களில் முடிச்சு, கூடவே காய்ச்சல்

முதலில் வாலைத் தூக்கிப் பாருங்கள். வாலின் அடிப்பக்கத்தில் மயிர் இருக்காது. தோல் பளிச்சென்று தெரியும். அம்மை என்றால் அங்கே முதலில் சிவந்த திட்டுகள் தெரியும். ஓரிரு நாளில் அவை கடினமான முடிச்சுகளாக எழும்பும். சிறியது பயறு அளவு, பெரியது ஒன்றரை சென்டிமீட்டர் வரை. அப்புறம் தொடை இடுக்கு, முன்னங்கால் அக்குள், மடி, காம்பு, கிடாவின் விதைப்பை, கண்ணிமை, மூக்கைச் சுற்றிய பகுதி என்று மயிர் குறைந்த இடங்களாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கம்பளி அடர்ந்த செம்மறியில் முதுகுப் பக்கம் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முடிச்சை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்ப்பதும் உதவும். அம்மை முடிச்சு தோலின் முழுக் கனத்திலும் இருக்கிறது, அதனால் தோலோடு சேர்ந்தே நகரும். தோல் தனியாக வழுக்கி, அடியில் ஏதோ உருண்டால் அது நெறிகட்டியோ சீழ்க்கட்டியோ. மனிதர்களுக்கு வந்த பெரியம்மையில் போல நீர் நிறைந்த கொப்புளத்தை ஆட்டில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஆட்டில் அந்தக் கட்டம் பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது. முடிச்சு நடுவில் செத்து, கறுத்து, பொருக்காகிவிடும். கொப்புளம் இல்லையே, அப்போ இது பூச்சிக்கடிதான் என்று விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து வருகிறவர்கள் நிறைய.

காய்ச்சல், மயிரற்ற இடங்களில் கெட்டி முடிச்சு, மூக்குச்சளி, கண்ணில் பீளை எல்லாம் சேர்ந்திருந்தால் அம்மை என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். உறுதி செய்ய ஆய்வகம் வேண்டும். அதற்குப் பழைய காய்ந்த வடுவைவிட, முதல் வாரத்து முடிச்சிலிருந்து எடுத்த தோல் துண்டே நல்லது. அதைக் கால்நடை மருத்துவர் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு வழியாக அனுப்புவார். பக்கத்தில் மருந்தகம் இல்லையென்றால் 1962 எண்ணுக்குக் கூப்பிட்டு நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். இது சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொற்றுநோய். சொல்லாமல் மறைத்து, நோய்ப்பட்ட ஆட்டை அவசரமாகச் சந்தைக்கு ஓட்டுவதுதான் ஊர் ஊராகப் பரவுவதற்கு நேரான வழி.

உதட்டில் மட்டும் பொருக்கு

குட்டிகளின் வாயோரத்தில் தொடங்கி உதடு முழுக்கக் காலிஃபிளவர் போலத் தடித்த பொருக்கு, உடம்பில் வேறெங்கும் முடிச்சு இல்லை, காய்ச்சலும் பெரிதாக இல்லை என்றால் அது வாய்ப்புண் அம்மை. ஊரில் இதையும் அம்மை என்றே சொல்கிறார்கள், ஆனால் இது வேறு வைரஸ். ஆட்டம்மைத் தடுப்பூசி இதற்குக் கேட்காது. பால்குடிக் குட்டியிலிருந்து தாயின் காம்புக்கும் தொற்றும், அப்போது தாய் வலியில் குட்டியை உதைத்துத் தள்ளும். பெரும்பாலும் மூன்று, நான்கு வாரத்தில் தானே ஆறிவிடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வாய்ப்புண் அம்மை மனிதருக்குத் தொற்றும். பொருக்கைக் கையால் பிய்த்தவருக்கு விரலில் பெரிய புண்ணாக வரும், ஆகவே கையுறை போட்டுத் தொடுங்கள். செம்மறி அம்மை, வெள்ளாட்டு அம்மையைப் பொறுத்தவரை ஆட்டிடமிருந்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மை வந்துவிடும் என்ற பயம் தேவையில்லை.

முடிச்சு போலத் தெரிகிறது, ஆனால் ஏதோ பொருந்தவில்லை

ஆடு சுவரிலும் கம்பத்திலும் உரசிக்கொண்டே இருக்கிறது, மயிர் உதிர்ந்து தோல் சுருங்கித் தடிக்கிறது, காய்ச்சல் இல்லை என்றால் சொறி. தாடைக்கடியில் அல்லது தோள்பட்டை முன்னால் ஒற்றைக் கட்டி, உடைந்தால் பசை போன்ற சீழ் என்றால் நெறிகட்டி நோய். முகமும் உதடும் வீங்கி, வாயில் புண், குளம்பு ஓரம் சிவந்து நொண்டுகிறது, அதுவும் மழைக்காலத்தில் செம்மறியில் என்றால் நீலநாக்கு நோய். வாயில் புண்ணோடு கடும் கழிச்சல் இருந்தால் ஆட்டுக்கொல்லி நோயை நினையுங்கள். இவற்றில் வாலடி முடிச்சு இருக்காது.

முடிச்சே தெரியவில்லை, குட்டிகள் மூச்சு வாங்கிச் சாகின்றன

இதுதான் ஏமாற்றும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளில் நோய் வெகு வேகமாகப் போகும். தோலில் முடிச்சு எழும்பி முடிவதற்குள்ளேயே குட்டி செத்துவிடலாம். வைரஸ் தோலில் மட்டும் நிற்பதில்லை. நுரையீரலிலும் அதே முடிச்சுகள் வரும், அதன்மேல் பாக்டீரியா ஏறி நிமோனியா ஆகும். ஆடு சாவது பெரும்பாலும் இதனால்தான். பெரிய ஆடுகளில் இறப்பு குறைவு. குட்டிகளில், அதுவும் பட்டியில் நோய் புதிதாக நுழைந்தால், பெரும்பங்கு போய்விடும்.

இப்படிச் சாகும்போது தாய்களையும் வளர்ந்த ஆடுகளையும் வால் தூக்கிப் பார்ப்பதுதான் முதல் வேலை. குட்டியில் காணாதது அவற்றில் இருக்கும். செத்த குட்டியை மருத்துவர் அறுத்துப் பார்த்தால் நுரையீரலில் வெளிறிய, கெட்டியான முடிச்சுகள் அங்கங்கே தெரியும். நீங்களே அறுக்கவோ தோலுரிக்கவோ வேண்டாம். ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

வைரஸைக் கொல்லும் மருந்து என்று ஆட்டுக்கு எதுவும் கிடையாது. மருத்துவர் போடும் ஆன்டிபயாட்டிக் நிமோனியாவுக்கும் புண்ணில் சீழ் பிடிப்பதற்கும்தான். அதனால் முடிச்சு மறையாது, மறையவில்லை என்று ஊசியை மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. உங்கள் கையில் இருப்பது பராமரிப்பு. கம்பங்கூழ் அல்லது அரிசிக் கஞ்சி, பசுந்தழை, நிழல், எட்டும் தூரத்தில் தண்ணீர். கண் பீளையைக் கொதித்து ஆறிய நீரில் துடையுங்கள். உடைந்த புண்ணைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த இளஞ்சிவப்பு நீரில் கழுவி, அயோடின் மருந்து தடவுங்கள். மேலே வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பூசினால் ஈ உட்காராது, புழு வைக்காது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுகிறவர்கள் பூசட்டும், புண்ணுக்கு நல்லதுதான். ஆனால் அது பக்கத்து ஆட்டுக்குப் பரவுவதைத் தடுக்காது.

ஒரு ஆட்டுக்கு வந்தது, பத்து நாள் அமைதி, அப்புறம் கொத்தாக வந்தது

நோய் விட்டுவிட்டது என்று நினைக்க வைக்கும் அந்தப் பத்து நாள்தான் அம்மையின் நடைமுறை. வைரஸ் உடம்புக்குள் போனதிலிருந்து காய்ச்சல் தொடங்க வழக்கமாக 8 முதல் 13 நாள் ஆகும். சில நேரம் மூன்று வாரம்கூட ஆகலாம். காய்ச்சல் தொடங்கி ஓரிரண்டு நாளில் முடிச்சு. முடிச்சு எழும்பிப் புண்ணாகும் அந்த முதல் வாரத்தில்தான் ஆடு அதிகமாகப் பரப்பும். மூக்குச்சளி, எச்சில், தும்மலில் தெறிக்கும் துளி வழியாக நெருங்கி நிற்கும் ஆட்டின் மூச்சுக்குள் போகிறது. ஒரே தொட்டியில் தீவனம் தின்பதும், இரவில் நெருக்கிக் கிடை போடுவதும் இதற்கு வழி. தோல் கீறல் வழியாகவும் போகும். கடிக்கும் ஈக்கள் வாயில் ஒட்டிக்கொண்டு கொண்டுபோவதும் உண்டு.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பயன் இருக்கிறது. காய்ச்சல் முடிச்சுக்கு முந்தி வருகிறது, பரவல் முடிச்சோடு உச்சமடைகிறது. ஆக தினமும் விடியலில் சூடு பார்த்து, 104-க்கு மேல் உள்ளதை அன்றே ஒதுக்கினால், அது அதிகமாகப் பரப்பத் தொடங்குவதற்கு முன்பே பிரித்துவிடலாம். முடிச்சைக் கண்டபின் ஒதுக்குவது தாமதம். முழு மந்தைக்கும் பார்க்க முடியாவிட்டால், முதல் ஆட்டோடு ஒட்டிப் படுத்தவற்றுக்கும் அதன் குட்டிகளுக்கும் மட்டுமாவது பாருங்கள். ஒவ்வொரு ஆட்டுக்கும் இடையில் தெர்மாமீட்டரைச் சோப்பு நீரில் கழுவித் துடையுங்கள். நோய்ப்பட்டவற்றைக் கடைசியில் கவனியுங்கள், அங்கே போட்ட செருப்போடு மற்றவற்றிடம் போகாதீர்கள்.

ஊசி போட்டும் வந்துவிட்டது, ஊசியால்தான் வந்ததா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கோபத்தோடும் கேட்கப்படுகிறது. தேதி இல்லாமல் பதில் சொல்ல முடியாது, ஆகவே ஒரு பட்டியை எடுத்துக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

வேம்பூர் செம்மறி ஐம்பது. ஜனவரி 3-ல் சந்தையிலிருந்து நான்கு பெட்டைகள் வாங்கி நேராகப் பட்டியில் விடுகிறார்கள். 5-ல் அதில் ஒன்று தலை தொங்கி நிற்கிறது, 7-ல் வாலடியில் முடிச்சு. வாங்கிய இரண்டாம் நாளே காய்ச்சல் என்றால் அது சந்தைக்கு வருவதற்கு முன்பே நோயை வாங்கிய ஆடு. 8-ல் மருத்துவர் வருகிறார். 9-ல் நோய் தெரிந்ததை ஒதுக்கிவிட்டு, காய்ச்சல் இல்லாத எல்லா ஆட்டுக்கும் தடுப்பூசி போடுகிறார்கள். 17-ல் பழைய ஆடுகளில் ஏழுக்கு முடிச்சு. ஊசி போட்டு எட்டு நாளில் ஏழு ஆட்டுக்கு அம்மை என்று பட்டிக்காரர் மருத்துவரிடம் சண்டைக்குப் போகிறார்.

இப்போ எண்ணுங்கள். முடிச்சு எழும்பிய ஆடு 7 முதல் பட்டியில் பரப்பியிருக்கிறது, அதற்கு முந்திய ஓரிரு நாளிலும் கொஞ்சம் பரப்பியிருக்கலாம். 6-லிருந்து, அதை ஒதுக்கிய 9 வரை பரப்பியது என்று வைத்து, 8 முதல் 13 நாள் கூட்டினால், 14-லிருந்து 22 வரை மேலும் ஆடுகள் நோயில் விழுவதை எதிர்பார்க்க வேண்டும். ஊசி 9-ல் போட்டது. தடுப்பாற்றல் நம்பும்படி உருவாக இரண்டிலிருந்து மூன்று வாரம் ஆகும், அதாவது 23-லிருந்து 30-க்குள். அந்த ஏழு ஆடும் ஊசி வேலை செய்வதற்கு முன்பே, பெரும்பாலும் ஊசி போடுவதற்கே முன்பு நோயை வாங்கியவை. ஊசி அவற்றுக்கு நோயைத் தரவில்லை, காப்பாற்றுவதற்கும் நேரம் கிடைக்கவில்லை.

அடுத்த கேள்வி, எதுவரை பொறுப்பது? ஜனவரி 30-க்குள் ஊசி பிடித்துவிட வேண்டும். அந்தக் கடைசி நாளில் தொற்றியதுகூட வழக்கமாக 13 நாளில், அதாவது பிப்ரவரி 12-க்குள் வெளியே தெரிந்துவிடும். நடைமுறையில் ஜனவரி கடைசியிலேயே புதிதாக ஆடுகள் நோயில் விழுவது சட்டென்று குறைய வேண்டும். பிப்ரவரி 12-க்குப் பிறகும் ஊசி போட்ட ஆடுகளில் புதிதாக வந்துகொண்டிருந்தால், அப்போதுதான் ஊசி தவறிவிட்டது என்று சொல்லலாம்.

தவறியது என்றால் எங்கே என்று பார்க்க, விழுந்த ஆடுகள் எவை என்று பாருங்கள். கடைசியாகப் பிடித்து ஊசி போட்டவையே அதிகம் விழுந்திருந்தால் மருந்து சூடாகிவிட்டது. இது உயிருள்ள, வலுவிழக்கச் செய்த வைரஸ். உறைந்து உலர்ந்த தூளாகக் குப்பியில் வருகிறது. அதோடு வரும் கரைப்பு நீரையும் குளிரவைத்துத்தான் கலக்க வேண்டும். கலந்த பிறகு பனிக்கட்டி மேல் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஐம்பது ஆட்டைத் துரத்திப் பிடிப்பதற்குள் குப்பி வெயிலில் நின்றால், கடைசிப் பத்து ஆட்டுக்குப் போவது வெறும் நீர்தான். அதனால் முதலில் ஆட்டை அடைத்துக்கொண்டு, பிறகு குப்பியைத் திறவுங்கள். தோலில் ஸ்பிரிட் தடவினால் அது உலர்ந்த பிறகே ஊசி குத்துங்கள்.

விழுந்தவை சின்னக் குட்டிகள் மட்டும் என்றால் காரணம் வேறு. ஊசி போட்ட தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் சின்னக் குட்டியில் ஊசி வைரஸையே அணைத்துவிடும். அதனால்தான் மூன்று மாதம் ஆன பிறகு போடச் சொல்கிறார்கள், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. விழுந்தவை பிடிபடாமல் ஓடியவை, அன்று மேய்ச்சலுக்குப் போயிருந்தவை என்றால் அதற்கு விளக்கமே வேண்டாம்.

ஊசி போட்ட இடத்தில் மட்டும், சில நாளில், ஒரே ஒரு வீக்கம் வந்து தானே வற்றினால் அது ஊசியின் எதிர்வினை. நல்ல அறிகுறிதான். ஊசி போட்டது தொடை இடுக்கில், முடிச்சு கண்ணிமையிலும் வாலடியிலும் என்றால் அது நோய்.

நோய் வந்த பட்டியில் ஊசி போடும்போது ஊசிமுனையை ஒவ்வொரு ஆட்டுக்கும் மாற்றியே ஆக வேண்டும். வெளியே தெரியாமல் நோயைச் சுமக்கும் ஆட்டைக் குத்திய முனையால் அடுத்ததைக் குத்தினால், ஊசியால் வந்தது என்று சொல்பவர் சொன்னது உண்மையாகிவிடும். நோய் ஆட்டிலிருந்து தொலைவில் இருந்தவற்றுக்கு முதலில், நெருங்கி இருந்தவற்றுக்குக் கடைசியில் போடுங்கள். காய்ச்சல் உள்ளதற்குப் போட வேண்டாம். நிறைசினை ஆட்டைப் பிடித்து மல்லுக்கட்டுவது பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செம்மறிக்கு வந்தது, வெள்ளாட்டுக்கும் வருமா?

செம்மறி அம்மை வைரஸும் வெள்ளாட்டு அம்மை வைரஸும் நெருங்கிய சொந்தம். மாட்டுக்குத் தோல்கழலை தரும் வைரஸும் அதே குடும்பம். நாட்டில் தோல்கழலை பரவியபோது மாடுகளுக்கு வெள்ளாட்டு அம்மைத் தடுப்பூசி போட்டது அதனால்தான். இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் பிடித்த இனம் உண்டு. ஒரே பட்டியில் வேம்பூர் செம்மறியும் கன்னி இன வெள்ளாடும் இருந்து, செம்மறி மட்டுமே விழுவதைப் பார்க்கலாம். இரண்டையும் தாக்கும் வகைகளும் இருப்பதால் வெள்ளாட்டைச் சேர்த்தே அடைத்துவைக்க அது காரணமாகாது, பிரித்துவிடுங்கள்.

ஊசியிலும் அதே கவனம். செம்மறிக்குச் செம்மறி அம்மை ஊசி, வெள்ளாட்டுக்கு வெள்ளாட்டு அம்மை ஊசி. ராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தின் பெயரைத் தாங்கிய செம்மறி அம்மைத் தடுப்பூசி வைரஸ் வகை ஒன்று உண்டு. வெள்ளாட்டுக்கு நம் நாட்டில் புழங்குவது உத்தரகாசி வகை. மிச்சம் இருக்கிறதே என்று செம்மறிக் குப்பியை வெள்ளாட்டுக்குப் போட்டுவிட்டு ஓர் ஆண்டு கவலையில்லை என்று இருக்கக் கூடாது. அளவும் போடும் முறையும் குப்பிக்குக் குப்பி மாறும், சீட்டைப் படித்துப் போடுங்கள்.

ஆறிவிட்டது, புது ஆடு எப்போது வாங்கலாம்?

பிழைத்த ஆடு நீண்டகாலம் எதிர்ப்பாற்றலோடு இருக்கும், உள்ளுக்குள் வைரஸைச் சுமந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் பரப்புவதும் இல்லை. அதனால் பிழைத்ததை விற்றுத் தொலைக்கத் தேவையில்லை. தழும்பு நிற்கும், தோல் விலை குறையும். தோலுக்குப் பேர்போன மேச்சேரி இனச் செம்மறி வைத்திருப்பவருக்கு அந்த நஷ்டம் கையில் தெரியும்.

ஆபத்து ஆட்டில் இல்லை, உதிர்ந்த பொருக்கில் இருக்கிறது. பொருக்குக்குள் வைரஸ் பாதுகாப்பாக இருக்கும். நிழலான தொழுவத்தில் ஆறு மாதம் வரை, மயிரிலும் கம்பளியிலும் மூன்று மாதம் வரை தாக்குப்பிடிக்கும். வெயிலில் சீக்கிரம் சாகும். எனவே சாணம், புழுக்கை, கூளம் எல்லாவற்றையும் முதலில் சுரண்டி எடுத்து எரியுங்கள் அல்லது புதையுங்கள். மண் தரையென்றால் மேல்மண்ணையும் கொஞ்சம் வெட்டி எடுங்கள். அதற்குப் பிறகுதான் பிளீச்சிங் பவுடர் கரைசல், சுண்ணாம்பு. புழுக்கை மேலேயே பிளீச்சிங் தெளித்தால் அதன் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும், பொருக்குக்குப் போய்ச் சேராது. கூரைத் தட்டியைக் கழற்றி உள்ளே வெயில் விழவிடுங்கள்.

கடைசி ஆட்டின் கடைசிப் பொருக்கும் உதிர்ந்து ஒரு மாதம் போகட்டும். அதற்குப் பிறகும் நிழல் தொழுவத்தை விட்டுத் திறந்த இடத்தில் அடைப்பது நல்லது. புதிதாக வாங்குவதை 28 நாள் தனியே கட்டுங்கள். அந்த 28 நாளில் முதல் வாரம் தினமும் சூடு பார்த்து, காய்ச்சல் இல்லையென்றால் ஊசி போட்டுவிடுங்கள். ஊசி போட்ட நாளிலிருந்து மூன்று வாரம் ஆனபிறகே பழைய பட்டியில் சேருங்கள். மேலே சொன்ன பட்டிக்காரர் ஜனவரி 3-ல் அந்த நான்கு பெட்டைகளை வேப்பமரத்தடியில் தனியாகக் கட்டியிருந்தால், 7-ல் முடிச்சு அங்கேயே தெரிந்திருக்கும்.